நாற்பது வந்த ஜோடி

ஆய்வகக் கதவில் ஒட்டியிருந்த கடிதத்தின் கடைசி வரியைப் படித்ததும் சிம்ரன் மறுபடி முதல் வரியிலிருந்து படித்தாள்.

செய்முறை வகுப்பெடுக்கும் டெமான்ஸ்ட்ரேட்டர் ஜெபஷீலா எழுதியது அது. தேனியை ஒட்டிய அந்தக் கல்லூரியின் இரண்டாம் ஆண்டு உயிர்வேதியியல் வகுப்பே கதவை மொய்த்து நின்றது.

"அன்பு மாணவர்களே, என்சைமின் வேகம் பாடநூலில் நாற்பது யூனிட். நேற்றைய சோதனையில் உங்களுக்கு வந்தது இருபதுக்கு முன்னே பின்னே. அழ வேண்டாம். நூலாசிரியரிடம் புத்தம்புது என்சைம் இருந்தது. நம்முடையதோ கரண்ட் போகும்போதெல்லாம் ஃப்ரிட்ஜுக்குள் வியர்த்தது, பாதி செயலிழந்திருக்கும். பிப்பெட்டில் ஒரு துளி கூடினாலும், பஃபர் கரைசலின் அமிலத்தன்மை கொஞ்சம் நகர்ந்தாலும், வினையை நிறுத்தும் காரத்தைத் தாமதித்து ஊற்றினாலும் எண் மாறும். எடுத்ததை எடுத்தபடி எழுதியவர்களுக்கு மதிப்பெண் குறையாது. நூலைப் பார்த்து எழுதியவர்களுக்குப் பூஜ்யம். நாற்பது வந்த ஜோடி இன்று மதியம் என்னைப் பார்க்கவும்."

நாற்பது வந்தது ஒரே ஜோடிக்குத்தான். சிம்ரன், விஷால்.

"ஏலே விஷாலு, மேடம் ஒங்களுக்குப் பூமாலை வாங்கி வச்சிருக்காகளாம்" என்றான் ஸ்டீவன். வகுப்பு சிரித்தது.

"நாங்க நூலப் பாத்து எழுதல" என்றாள் சிம்ரன். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

மதியம். ஐஸ் கட்டி போட்ட தண்ணீர்த் தொட்டியில் தெர்மாமீட்டர் நூலில் சொன்ன இருபத்தைந்து டிகிரியைக் காட்டியது. ஜெபஷீலா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஜன்னலுக்கு வெளியே பாதி வகுப்பு எட்டிப் பார்த்தது.

"திட்டுறதுக்குக் கூப்பிடல. என் கண்ணு முன்னால ஒருதடவ செஞ்சு காட்டுங்க. நாப்பது வந்தா ரெக்கார்டுல கையெழுத்து. வரலன்னா நீங்களே சொல்லுங்க, நான் என்ன போடட்டும்?"

சிம்ரன் சோதனைக் குழாய்களைத் தொட்டியில் இறக்கினாள். என்சைமை விட்டாள். விஷால் ஸ்டாப்வாட்சைத் தட்டினான். நிறமற்ற கரைசலில் மஞ்சள் மெல்ல ஏறியது. நேரம் முடிந்ததும் காரத்தை ஊற்றி நிறுத்தி, நிறத்தின் அடர்த்தியை அளக்கும் கலரிமீட்டரில் வைத்தார்கள்.

கணக்குப் போட்ட விஷாலின் பேனா நின்றது.

இருபத்தொன்று.

"முடிஞ்சது சோலி" என்று முனகினான். "ஏத்தா, நேத்து நீ கணக்குல எதையும் மாத்துனியா?"

"நீயே கேக்குறியா?" சிம்ரனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஓடைப்பட்டியில் திராட்சைக்கு மருந்தடிக்கும் அப்பாவிடம் பூஜ்யத்தை எப்படிச் சொல்வது? ஜெபஷீலா சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

சிம்ரன் தொட்டியை வெறித்தாள். நான்கே குழாய் நிற்கும் சின்னத் தொட்டி. நேற்று ஸ்டீவன் கூட்டம் அதை அடைத்துக்கொண்டு நின்றது, இவர்களுக்கு இடமே...

"மேடம், ஒரு நிமிஷம். நேத்து எங்களுக்குத் தொட்டில எடம் கெடைக்கல. நாங்க அங்கன வச்சோம்."

அவள் காட்டியது மேற்கு ஜன்னலின் சிமெண்ட் திட்டை. வெயில் அதில் காய்ந்துகொண்டிருந்தது.

ஜெபஷீலாவின் பேனா அந்தரத்தில் நின்றது. தெர்மாமீட்டரை ஒரு குழாய்த் தண்ணீரில் போட்டுத் திட்டில் வைத்தார். பாதரசம் ஏறியது. முப்பத்தாறு.

"வச்சுப் பாரு. சீக்கிரம்."

அதே என்சைம், அதே அளவு, அதே நேரம். இந்த முறை மஞ்சள் ஓடி வந்தது. விஷால் கணக்கை இரண்டு தடவை போட்டான்.

"முப்பத்தொம்பது, மேடம்."

ஜெபஷீலா சிரிக்க ஆரம்பித்தார்; நிறுத்த முடியவில்லை. "வயசான என்சைம் வேகத்தப் பாதியாக்குச்சு. பதினோரு டிகிரி சூடு அத ரெண்டு மடங்காக்குச்சு. ரெண்டு தப்பும் ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கிட்டு நாப்பதுல வந்து நின்னுருச்சு. நூலோட ஒத்துப்போனா சரின்னு நெனைச்சிருப்பீங்க. ஒத்துப்போகலன்னா தப்புன்னு நெனைச்சிருப்பீங்க. நானோ ஒத்துப்போனதாலயே பொய்யின்னு நெனைச்சேன் பாருங்க."

"அப்ப எங்களுக்குப் பூஜ்யம் இல்லயே?" என்றான் விஷால்.

"நாப்பதையும் எழுது, இருபத்தொண்ணையும் எழுது. எது எங்க வச்சு எடுத்ததுன்னு பக்கத்துலயே எழுது. ரெண்டுக்கும் முழு மார்க்."

ஜன்னலில் இருந்த ஸ்டீவன் தலையை உள்ளே நீட்டினான். "மேடம், நாங்களும் திட்டுல வச்சு எடுக்கலாமா? எங்களுக்குப் பதினெட்டுதான் வந்துச்சு."

"வாங்க, எல்லாரும் வாங்க. ஆனா தொட்டில ஒண்ணு, திட்டுல ஒண்ணு. ரெண்டும் எடுக்கணும்."

கதவு திறந்து வகுப்பு உள்ளே பாய்ந்தது. இடம் பிடிக்க ஒருவரையொருவர் முட்டினார்கள். ஸ்டீவன் சிம்ரனிடம் குழாயை நீட்டி, "எங்கன வைக்கணும்னு நீயே காட்டுத்தா, நேத்து எடத்துலயே வை" என்றான்.

"பூமாலை கொண்டாந்தியா?" என்றாள் சிம்ரன், குழாயை வாங்கிக்கொண்டே.