ஒரு சைஸ் பெரிய பூட்ஸ்

அலுவலகத்தில் கொடுத்த புது ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு வால்வுக்காரர் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நாலு நடை நடந்து காட்டினார். முழங்கால் வரை உயரம். ஆணி ஏறாதபடி அடியில் இரும்புத் தகடு வைத்தது. வெளியே தெருவில் கணுக்காலுக்கு மேல் சாக்கடைத் தண்ணீர். அவர் போய்க் குடிநீர்க் குழாயின் வால்வை அடைத்தால்தான் அந்தத் தண்ணீர் குழாய்க்குள் கலக்காமல் இருக்கும்.

"எப்படி? நச்சுன்னு இருக்கா?"

மனைவி பூட்ஸின் ஓரத்தைக் குனிந்து பார்த்தாள். தையல் கடையில் பதினாறு வருடமாகத் துணி வெட்டுகிறவள். பிடிப்பு எங்கே தப்பு என்று பார்த்த மாத்திரத்தில் அவளுக்குத் தெரிந்துவிடும். சுண்டுவிரல் பக்கம் ரப்பர் புடைத்துக்கொண்டிருந்தது.

"கழட்டுங்க."

"ஏன், போட்டு பத்து நிமிஷம்கூட ஆகல."

"கழட்டுங்கன்னா கழட்டுங்களேன்."

சுண்டுவிரலின் ஓரம் சிவந்திருந்தது. கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். சிவப்பு போகவில்லை.

"வலிக்குதா?"

"ஒண்ணும் இல்ல."

அந்த 'ஒண்ணும் இல்ல'வை நம்ப அவள் தயாராக இல்லை. போன மழைக்காலத்தில் ரப்பர் செருப்போடு தண்ணீரில் இறங்கிவிட்டு வந்து, ஒண்ணும் இல்லை என்றுதான் சாப்பிட உட்கார்ந்தார். தரையில் ரத்தத் தடத்தைப் பார்த்துக் காலைத் தூக்கிப் பிடித்தவள் அவள். உள்ளே கண்ணாடிச் சில். சர்க்கரை நோய்க்காரர் கால். ஒரே வாரத்தில் சீழ் வைத்து, சுண்டுவிரலுக்குப் பக்கத்து விரலை வெட்டி எடுக்கும்படி ஆகிவிட்டது.

பழைய செய்தித்தாளை விரித்து அதன் மேல் அவரை எழுந்து நிற்க வைத்தாள். நின்றால்தான் பாதம் முழுசாகப் பரவும். பென்சிலை நிமிர்த்திப் பிடித்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டாள். கத்தரித்த காகிதத்தை பூட்ஸுக்குள் விட்டு டார்ச் அடித்தாள். இரண்டு பக்கமும் சுருண்டு நின்றது.

"பாத்தீங்களா? இடமே இல்ல."

"காகிதம் சொல்றத நம்புவ, என் கால் சொல்றத நம்பமாட்ட."

"உங்க கால் போன வருஷமே என்கிட்ட பொய் சொல்லிடுச்சு."

அவர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்காமல் அலுவலக வண்டியோட்டியான நெட்டைக்கு போன் போட்டாள். அவரை அழைத்துப்போக வருகிறவன் ஒரு சைஸ் பெரிய ஜோடியையும் எடுத்துவந்தான்.

"என்ன அண்ணே, கல்யாண செருப்புக்குக்கூட இவ்வளவு பொருத்தம் பாத்திருக்க மாட்டீங்க."

"உங்க அண்ணியைக் கேளு."

இந்த முறை காகிதம் மடங்காமல் படுத்தது. முன்னால் ஒரு விரல் இடம் மிச்சம். கையை உள்ளே விட்டு, கல் மண் ஏதாவது கிடக்கிறதா என்று நுனி வரை துழாவினாள். தடித்த சாக்ஸைப் போட்டுவிட்டு பூட்ஸை மாட்டினாள். அவர் எழுந்து இரண்டு அடி வைத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"இது வேணாம். முன்ன போட்டதே குடு."

"ஏங்க?"

நெட்டை வண்டியைத் திருப்பி நிறுத்துவதாகச் சொல்லி நழுவினான். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அது இறுக்கிப் பிடிச்சா கால்னு ஒண்ணு இருக்கறதாவது தெரியுது. இதுல எதுவுமே தெரியல. வெறும் பூட்ஸ் நடக்கற மாதிரி இருக்கு."

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. பிடிவாதம் என்று நினைத்திருந்தாள். இத்தனை நாளும் அது, கால் மரத்துப்போகிறதே என்ற பயமாக இருந்திருக்கிறது. வாய்க்கு வந்த திட்டை விழுங்கிக்கொண்டாள்.

"தெரியலன்னா குனிஞ்சு பாருங்க. அங்கதான் இருக்கும், எங்கயும் போகாது. கம்பால தட்டிப் பாத்துட்டு அடி வைங்க. தண்ணி முழங்காலுக்கு வந்தா திரும்பிடுங்க. பூட்ஸுக்குள்ள தண்ணி போயிடுச்சுன்னா ரெண்டு கால்லயும் வாளியக் கட்டிக்கிட்ட மாதிரி."

"சரிங்க டாக்டரம்மா."

போனார். ஒவ்வொரு அடிக்கும் குனிந்து, நடை பழகும் குழந்தையைக் கூட்டிப் போகிறவர்போல. அவர் வண்டி ஏறும் வரை அவள் வாசலில் நின்றாள்.

சாயங்காலம் வால்வை அடைத்துவிட்டுத் திரும்பினார். அவள் இரண்டு பாதத்தையும் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கெல்லாம் ஈரம் போகத் துடைத்து, மடியில் வைத்து விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கீறல் இல்லை, சிவப்பு இல்லை, சாக்ஸும் நனையவில்லை.

"டாக்டர்கிட்ட எது வரைக்கும் மரத்திருக்குன்னு சொன்னீங்க?"

"விரல் மட்டும்னு."

"கண்ண மூடுங்க. தொடறது தெரிஞ்சா சொல்லுங்க."

பெருவிரலைத் தொட்டாள். பாதத்தின் நடுவில் தொட்டாள். குதிகால், கணுக்கால். அவர் பேசாமல் இருந்தார். விரலை மெல்ல மேலே நகர்த்திக்கொண்டே போனாள். பாதிக் கெண்டைக்கால் தாண்டியதும் அவர் தொண்டையைச் செருமினார்.

"இங்க."

இவ்வளவு மேலேயா என்று அவள் கேட்கவில்லை. கையை அங்கேயே வைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட நானும் வரேன்," என்றாள். "நீங்க சொல்ல வேணாம். நான் சொல்லிக்கறேன்."

"சரி," என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே.