சொல்லிக்கொண்டு போவது

எங்கள் வீட்டில் தினமும் காலை ஏழரை மணிக்கு ஒரு திருட்டு நடக்கும். திருடி நான்தான், திருட்டுப் போவதும் நான்தான்.

என் மகன் சாமுவுக்கு அப்போது ஒரு வயதும் எட்டு மாதமும். எனக்குச் சங்கரன்கோவில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை. காலை எட்டு மணிக்கு நான் போய் ஹெட்போனை வாங்கி மாட்டினால்தான் ராத்திரி முழுக்கப் போர்டில் உட்கார்ந்திருந்த ஜெயசிங் எழுந்து வீட்டுக்குப் போக முடியும். என் வீட்டுக்காரர் ஞானதுரை வாசுதேவநல்லூரில் வாத்தியார். அவர் ஏழு மணி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது சாமு சிரித்துக்கொண்டே டாட்டா காட்டுவான். அதே பிள்ளை, நான் செருப்பைத் தொட்டால் போதும், தெருவையே கூட்டிவிடுவான். தகப்பன்மார் கொடுத்து வைத்தவர்கள்.

ஆகவே திட்டம் போட்டேன். ஏழு மணிக்கே என் கைப்பையும் டிபன் டப்பாவும் சுவருக்கு மேலாகப் பக்கத்து வீட்டு மைதீன் பாட்சாவின் மனைவி கைக்குப் போய்விடும். கூடவே ஆபீஸ் சேலையும். இஸ்திரி போட்ட சேலையைக் கண்டாலே பயலுக்கு விஷயம் தெரிந்துவிடும். நான் அழுக்குச் சேலையில், குப்பை கொட்டப் போகிறவள் மாதிரி பின்பக்கமாக இறங்கி, பாட்சா வீட்டில் சேலை மாற்றிக்கொண்டு, சந்து வழியாக ஓடுவேன். டெலிபோன் இலாகாவில் வேறு யாரும் இப்படி டூட்டிக்குப் போயிருக்க மாட்டார்கள்.

ஒரு நாள் சுவருக்கு மேலே எல்லாம் கொடுத்த பிறகு பாட்சா வீட்டாருக்குக் கடையநல்லூரில் ஒரு சாவுச் செய்தி வந்து, வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். பூட்டுக்குள்ளே என் சேலை. நான் மஞ்சள் கறைச் சேலையோடு இருபது நிமிஷம் பிந்தி ஆபீசுக்குப் போனேன். ஜெயசிங் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்ன மேடம், சமையல் பாதியில வந்துட்டீங்களா?" என்றார். வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையில் ஒரு கோடு விழுந்தது. அந்த மாதத்தில் அது இரண்டாவது கோடு. மூன்று விழுந்தால் ஒரு நாள் கேசுவல் லீவு போகும். என்னிடம் போவதற்கு லீவே இல்லை. பிரசவ லீவு, ஈட்டிய லீவு, சம்பளமில்லா லீவு எல்லாம் சாமுவே சாப்பிட்டுவிட்டான். "மூணாவது கோடு விழுந்தா தென்காசிக்கு மாத்தி எழுதிருவேன்" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். தென்காசி என்றால் விடியுமுன் பஸ் ஏறி, இருட்டிய பிறகு வீடு திரும்ப வேண்டும். பிள்ளையைத் தூங்கும்போது மட்டும்தான் பார்ப்பேன்.

அதுவரை பகலில் வந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்ட எதிர்வீட்டுப் பாட்டி, இனி ஓட முடியாது என்று சொல்லிவிட்டாள்; வேறு வழியும் கிடையாது. பால்வாடியில் இவ்வளவு சின்னப் பிள்ளையை எடுக்க மாட்டோம் என்றார்கள். என் அம்மா அக்காவின் மூன்று பிள்ளைகளோடு நாசரேத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள். மாமியார் பேரனுக்காக மாட்டை விட்டுவிட்டு வரமாட்டார். மாட்டோடு வர அவர் தயார், எங்கள் வீட்டில்தான் இடமில்லை.

இந்த நிலையில்தான் பிள்ளை பார்க்கும் வேலைக்கு முப்பிடாதியக்கா வந்தார். நாற்பத்தைந்து வயது, நல்ல உயரம். நான் அவரிடம் விசாரிக்கலாம் என்று உட்கார்ந்தேன், அவர் என்னை விசாரித்தார். பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்குவான், தொட்டிலிலா பாயிலா, தண்ணீர் காய்ச்சியதுதானா, பருப்புச்சோற்றுக்கு நெய் உண்டா. பிறகு தன் சட்டங்களைச் சொன்னார். "பிள்ள துணிய அலசுவேன், பாத்திரம் தேய்க்க மாட்டேன். தூங்குத பிள்ளைய யாரும் எழுப்பக் கூடாது. காலைல ஏழேகாலுக்கு வாரேன், நாலரைக்கு நான் போயிரணும்."

ஒரு வாரம் என் திருட்டை ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் வாயைத் திறந்தார்.

"யம்மா, ஒண்ணு கேக்கேன். நீங்க வந்த பெறவு பிள்ள உங்க முந்தானைய விடுதானா?"

விடுவதில்லைதான். நான் குளிக்கப் போனாலும் கதவைத் தட்டுவான். ராத்திரியில் விழித்து என் முகத்தைத் தடவிப் பார்ப்பான்.

"எப்படி விடுவான்? கண்ணு மூடி முழிக்குமுன்ன அம்மை காணாமப் போயிருதா. அப்பம் எந்நேரமும் காவல் காக்கத்தானே செய்வான்? சொல்லிட்டுப் போங்க. அழுவான். அழுதா நான் பாத்துக்கிடுதேன்."

எனக்குச் சுருக்கென்றது. நாம் பெற்ற பிள்ளைக்கு நாமே களவாணி ஆகிவிட்டோமே என்று அன்றைக்கு வெகுநேரம் வருத்தமாக இருந்தது. ஆனாலும் சிவப்பு மைக் கோடு கண் முன்னால் வந்து நின்றது.

திங்கட்கிழமை இஸ்திரிச் சேலையை என் வீட்டிலேயே கட்டினேன். முன்வாசலில் நின்று, "அம்மா ஆபீஸ் போயிட்டு, நீ பால் குடிக்க முன்ன வந்துருவேன்" என்று முப்பிடாதியக்கா சொல்லிக்கொடுத்தபடியே சொன்னேன். சாமு என் காலைக் கட்டிக்கொண்டு போட்ட சத்தத்தில் பாட்சாவின் மனைவி கரண்டியோடு ஓடி வந்துவிட்டார். முப்பிடாதியக்கா அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, "நடங்க, திரும்பிப் பாக்காதீங்க" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். அவன் இன்னும் ஒரு கட்டை ஏற்றிக் கத்தினான். எட்டடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போது ஆபீஸ் போய்ச் சேர்ந்தேன்.

செவ்வாயும் அதே கூத்துதான். புதன்கிழமை முப்பிடாதியக்கா ஒரு வேலை செய்தார். எங்கள் வெளிக்கேட்டில் தாழ்ப்பாளுக்குப் பதில் ஒரு கம்பிக் கொக்கி உண்டு. அதைச் சாமுவின் கையில் கொடுத்து, "அம்மை வெளிய போனதும் இத மாட்டுத வேல உனக்குத்தான். வேற யாருக்கும் கிடையாது" என்றார். அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே மாட்டினான். வியாழக்கிழமை அழுகை பாதியாய்க் குறைந்தது.

வெள்ளிக்கிழமை நான் தலை சீவி முடிக்கவில்லை, பயல் என் முதுகில் கையை வைத்துத் தள்ளுகிறான். "போ, போ!" கொக்கி மாட்ட அவ்வளவு அவசரம்! வெளியே தள்ளி, மாட்டிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டான். எட்டடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போதே ஆபீசில் இருந்தேன். ஜெயசிங் கடிகாரத்தைத்தான் சந்தேகப்பட்டார். தென்காசி ஒழிந்தது. அதற்காகச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ, பெற்ற பிள்ளை ஒரு சொட்டுக்கூட அழாமல் அனுப்பிவிட்டானே என்று மத்தியானம் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் நாலேகாலுக்கு வீட்டுக்கு வந்தேன். சாமு என்னிடம் ஓடிவந்து, தம்ளரைப் பிடித்துப் பால் குடித்து முடித்தான். முடித்ததும் வீடு முழுக்கத் தேட ஆரம்பித்தான். கதவுக்குப் பின்னால், தொட்டிலுக்குள், கட்டிலுக்கடியில். பிறகு உதட்டைப் பிதுக்கினான். முப்பிடாதியக்காவைக் காணோம்.

சாமுவையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டைத் திறந்து எட்டிப் பார்த்தேன். தெருமுக்கில் வேகமாகப் போய்க்கொண்டிருந்தார்.

"முப்பிடாதியக்கா! தெனமும் இப்படித்தான் போறீங்களா?"

அவர் நின்றார். திரும்பிக் கேட்டுக்குள் வந்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அவன் பால் குடிக்குத நேரமாப் பாத்துப் போயிருவேன். அவன் மூஞ்சியப் பாத்துச் சொல்லதுக்கு எனக்குத் தெம்பு இல்ல யம்மா."

"எனக்கு மட்டும் இருந்துச்சா?" என்றேன். கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "சொல்லிட்டுப் போங்க. அழுதா நான் பாத்துக்கிடுதேன்."

அவர் குனிந்து சாமுவின் கன்னத்தைத் தொட்டார். "மக்கா, நான்..." சாமு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இரண்டு கையாலும் அவர் முழங்காலைப் பிடித்து வெளியே தள்ளினான். கொக்கியை மாட்டிவிட்டுக் கம்பிகளுக்கு நடுவே கையை நீட்டி டாட்டா காட்டினான்.

உயரமான அந்த அம்மாள் தெருவில் நின்றபடி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் கேட்டுக்கு உள்ளே நின்று அழுதேன். பயல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, விளையாடப் போய்விட்டான்.