பதினொரு சிவப்புக் கட்டங்கள்

மதியம் ஒன்று இருபதுக்கு அவளுக்குக் கணவர் அனுப்பிய எக்செல் ஃபைல் வந்தது. அவருடைய வங்கிக் கணக்கின் பன்னிரண்டு மாத வரவு செலவு. வீட்டுக் கடன் படிவத்தில் மாதச் செலவைச் சுருக்கி எழுத வேண்டும். வங்கிக்கு அசல் பிரதியை அவரே கொடுத்துவிட்டார்.

ஆடிட்டர் அலுவலகத்தில் ஒன்பது வருடம் கணக்கு பார்த்த கை சும்மா இருக்குமா? சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு, ஓரத்தில் இரண்டு பத்திகள் சேர்த்தாள்.

"அக்கா, வீட்டுக்காரருக்கே ஆடிட்டா? பாவம் மனுஷன்!" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

"சும்மா இரு. கூட்டிப் போட்டுட்டுத் தரேன்னு சொல்லிருக்கேன்."

"எனக்கு ஒருத்தன் அமைஞ்சா ரசீதோடதான் வீட்டுக்குள்ள விடுவேன்."

முதல் பத்தியில், ஒரே மாதிரி வரிகளை எண்ணும் COUNTIFS ஃபார்முலா. ஒரே ரெஃபரன்ஸ் எண்ணும் ஒரே தொகையும் இரண்டு முறை வந்தால் கட்டம் மஞ்சளாகும். ஒரே நாளில் இரண்டு டீக்கு இருபது இருபது என்று போயிருந்தால் அது இரட்டைப் பதிவு ஆகாது. எண் வேறாக இருக்கும். இரண்டாம் பத்தியில் முந்தைய வரியின் பேலன்ஸ், அதில் பற்றைக் கழித்து, வரவைக் கூட்டி, இந்த வரியின் பேலன்ஸைக் கழித்தாள். விடை சுழியம் வர வேண்டும். வராவிட்டால் சிவப்பு.

ஃபார்முலாவைக் கீழ் வரைக்கும் இழுத்தாள்.

பதினொரு சிவப்பு.

இடையில் வரிகளை யாரோ அழித்திருக்கிறார்கள். வரியை அழித்தாலும் அதற்கு அடுத்த பேலன்ஸ் போன பணத்தைக் கழித்துக்கொண்டே நிற்கும். 'எனக்குத் தெரியாம யாருக்குக் கொடுக்கிறார்?' அவர் தம்பிக்காக இருக்கும் என்று நினைத்தாள். சீட்டாட்டமோ என்றும் நினைத்தாள். அதற்கு மேல் நினைக்கத் துணியவில்லை.

பிறகுதான் சிவப்புக் கட்டங்களில் இருந்த தொகையைப் பார்த்தாள்.

4,750. அடுத்த மாதமும் 4,750. ஐந்தாம் தேதியை ஒட்டியே எல்லாம்.

ஒரு மாதம் மட்டும் 3,440. அந்த வரி மஞ்சளாகவும் இருந்தது. அழித்து அழித்துப் பயம் வந்திருக்க வேண்டும். மின்கட்டண வரியை நகலெடுத்து, தேதியை மாற்றி, மறைக்க வேண்டிய வரியின் மேல் ஒட்டியிருந்தார். ரெஃபரன்ஸ் எண்ணை மாற்றவில்லை. பேலன்ஸ் கட்டத்தைத் தொடவில்லை. மின்கட்டணம் 1,310. கூட்டினாள். 4,750.

அந்தத் தொகையை அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வருடம் மாதாமாதம் மருத்துவமனை கவுண்டரில் அவளே எண்ணிக் கொடுத்தது. உறையவைத்த மூன்று கருக்களைப் பாதுகாப்பதற்கான கட்டணம். ஐந்து முறை முயன்று ஐந்தும் நிற்காமல் போனபின், போன வருடம், "இனி வேண்டாம்" என்று இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். கருக்களை அழித்துவிடச் சொன்ன அந்தக் கடிதத்தை அவர்தான் மருத்துவமனைக்கு எடுத்துக்கொண்டு போனார். "குடுத்துட்டேன்" என்றார். அன்று அவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

கொடுக்கவில்லை.

அப்படியென்றால் அந்த மூன்றும் இருந்தன. அவள் இல்லையென்று அழுத நாளெல்லாம் இருந்தன. இன்னொரு முறை போகலாமா என்று நாக்கு நுனி வரை வந்து, போனதைப் பேசி என்ன என்று விழுங்கிய இரவுகளிலும் இருந்தன.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்து மேசைக்காரி திரும்பிப் பார்த்தாள்.

பன்னிரண்டு மாதம். பதினொரு சிவப்பு.

ஃபார்முலா கடைசி வரை போகவில்லை போலிருக்கிறது என்று கீழே இறங்கினாள். போயிருந்தது. கடைசிக் கட்டத்தைச் சொடுக்கிப் பார்த்தாள். ஃபார்முலா சரியாகவே இருந்தது. போன மாதம் ஐந்தாம் தேதி பெட்ரோல், ஆறாம் தேதி காய்கறி, ஏழாம் தேதி செல்போன். எல்லாம் சுழியம். மஞ்சள் ஒன்றும் இல்லை. அழிப்பதற்கு அங்கே எதுவும் இருந்திருக்கவில்லை.

கட்டணம் தவறினால் பதினைந்து நாள் பொறுப்போம், அதற்குமேல் வைத்திருக்க மாட்டோம் என்று மருத்துவமனைக் காகிதத்தில் இருந்தது. அதிலும் அவள் கையெழுத்து உண்டு.

அந்த ஐந்தாம் தேதிக்கு முந்தைய வாரம், துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவர் கேட்டிருந்தார். "உனக்கு இப்பவும் அந்த நினைப்பு வருதா?" அவர் முகம் வாடியிருந்தது. அவருக்கு வலிக்கக் கூடாதே என்று அவள் தலையணை உறையை உதறிக்கொண்டே, "அதெல்லாம் விட்டாச்சுங்க. இப்பதான் நிம்மதியா இருக்கேன்" என்றாள். அவர் மடித்த துணியை எடுத்துக்கொண்டு போனார்.

போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

"என்னம்மா, டோட்டல் வந்துச்சா?"

"வந்துச்சு."

"சரியா இருக்கா?"

கீழே யாரோ இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினார்கள். சத்தம் அடங்கும் வரை நின்றாள்.

"ஏங்க," என்றாள். "போன மாசம் மட்டும் ஏன் கட்டல?"