ஓடைக்கு அந்தப் பக்கம்

வண்ணத்துப்பூச்சி பார்க்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் எழுதுவது பிரிஹிதாவின் வேலை. அதற்கென்று ஒரு போனை, மெக்சிகோ மலையிலிருக்கும் லா ஹோயாவின் ஊர்க்கூட்டம் அவளிடம் கொடுத்திருந்தது. சம்பளம் கிடையாது. ஆனால் கேட்கிறவர்களில் பாதிப் பேர் தங்குவதற்கும் இடம் கேட்பார்கள். அவள் வீட்டு மாடியில் மூன்று அறைகள் இருந்தன. போன் அவள் கையில் இருக்கும்வரை அறைகளில் ஆள் இருக்கும். அவளுக்கு முன்னால் அதை வைத்திருந்தவன் ஒரு குடும்பத்தை சான் பெர்னாபே பக்கம் அனுப்பிவிட்டான் என்று அடுத்த ஞாயிறே அவனிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள்.

மலையின் இந்தப் பக்கம் லா ஹோயா, ஓடைக்கு அந்தப் பக்கம் சான் பெர்னாபே. ஒரு காலத்தில் மரம் வெட்டப்போய் எல்லைத் தகராறு ஆரம்பித்தது. இப்போது மரம் வெட்டுவது நின்றுவிட்டது, தகராறு நிற்கவில்லை. இரண்டு ஊருக்கும் தனித்தனி வாசல், தனித்தனி சீட்டு, தனித்தனி குதிரைகள். பூச்சிகளுக்குத்தான் எல்லை தெரியாது.

ஒத்தீலியா என்ற அம்மாள் முதலில் எழுதியது போன கோடையில். வடக்கே மொன்க்ளோவாவில் தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு அக்டோபரிலும் அவர் வீட்டுக் கொல்லைக்கு மேலே பூச்சிகள் தெற்கு நோக்கிப் போகும். வாழ்நாள் முழுக்கப் போவதைப் பார்த்தாயிற்று, போய்ச் சேருகிற இடத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும், எப்போது வரலாம் என்று கேட்டிருந்தார்.

பிரிஹிதா ஆசை காட்டவில்லை. நவம்பரில் வராதீர்கள், அப்போது அவை இடம் தேடி அலைந்துகொண்டிருக்கும். மார்ச் பாதியில் வராதீர்கள், கிளம்பிப்போயிருக்கும். பிப்ரவரி நடுவில் வாருங்கள், வார நாளாகப் பாருங்கள். சனி ஞாயிறில் மெக்சிகோ நகரத்துக்காரர்கள் வந்து நிற்க இடமிருக்காது. இரண்டு நாளாவது வைத்துக்கொள்ளுங்கள். வெயில் அடித்தால்தான் பறக்கும். மேகம் போட்டால் காய்ந்த இலை மாதிரி கொத்துக் கொத்தாகத் தொங்கும், அவ்வளவுதான். குதிரை பாதி தூரம் போகும். மீதி நடக்க வேண்டும், உயரத்தில் மூச்சு வாங்கும். மழை பெய்தால் ஒன்றுமே இல்லை. இதையெல்லாம் எழுதிவிட்டு, வருவதும் வராததும் உங்கள் இஷ்டம் என்று முடித்திருந்தாள். ஜனவரியில் அந்த அம்மாள் தேதியைச் சொல்லிவிட்டு, இன்னும் உங்கள் பக்கம்தானே என்று கேட்டார். ஆமாம் என்று பிரிஹிதா எழுதினாள். அன்று அது உண்மை.

பிப்ரவரியில் மேலே காடு காயத் தொடங்கியது. காய்ந்தால் பூச்சிகள் தண்ணீரைத் தேடிப் பள்ளத்துக்கு இறங்குவது வழக்கம். சில வருடம் இந்தப் பக்கமே இறங்கும். இந்த வருடம் ஓடையைத் தாண்டிப் போய் சான் பெர்னாபேயின் மரங்களில் ஒட்டிக்கொண்டன. பழைய இடத்தில் நாலைந்து மரத்தில் மட்டும் மிச்சம்.

பிரிஹிதாவின் அண்ணன் எலிஹியோதான் வழிகாட்டிகளுக்குத் தலைவன். ஊர்க்கூட்டத்தில் அவன் சொன்னதை எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்: நாம் பொய் சொல்ல வேண்டாம், யாராவது கேட்டால் நம் பக்கமும் இருக்கிறது என்போம், இருக்கிறதுதானே. பிரிஹிதா கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். அவளைப் போல் நிலம் இல்லாதவர்களுக்கு அங்கே பேச உரிமையில்லை. அதுவும் ஒரு வசதிதான் என்று அப்போது நினைத்தாள்.

அதற்கு அடுத்த வாரம் ஒத்தீலியா வந்து சேர்ந்தார். கூடவே, வண்டி ஓட்டி வந்த தங்கை மகள் நொயெமி. மெலிந்த அம்மாள், இடது முழங்காலில் கட்டு. மலையைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது. அது அவர் சுபாவம் என்று பிறகு தெரிந்தது. பிடித்த இடத்தில் பேசமாட்டார். பிடிக்காத இடத்திலும் பேசமாட்டார்.

மறுநாள் எலிஹியோவே அவர்களைக் கூட்டிப்போனான். நல்ல வெயில் அன்று. அதுதான் பிரிஹிதாவை உறுத்தியது. மேகமாக இருந்திருந்தால் மேகத்தின் மேல் பழியைப் போடலாம். மத்தியானம் திரும்பி வந்தார்கள். மேல்காற்று அடித்ததில் பூச்சிக் கூட்டம் கொஞ்சம் கலைந்துவிட்டது என்று எலிஹியோ வாசலில் நின்றே சொல்லிவிட்டு, முகம் பார்க்காமல் குதிரையைத் திருப்பிக்கொண்டு போனான். நொயெமி பூட்சைக் கழற்றிக்கொண்டே, இதைவிட அதிகமாக எங்கள் ஊர் பெட்ரோல் பங்கில் பார்த்திருக்கிறேன் என்றாள்.

சாயங்காலம் பிரிஹிதா காளான் வைத்துச் சோள அடை சுட்டுக்கொண்டிருந்தாள். ஒத்தீலியா அடுப்போரம் வந்து உட்கார்ந்தார். பட்டை போட்ட காப்பி கையில் இருந்தது. இரண்டு அடை வெந்து முடிந்தது. மூன்றாவதைப் போட்டபோதுதான் வாயைத் திறந்தார்.

"நாளைக்கும் இவ்வளவுதானா?"

குறை சொல்லும் குரலில்லை. தபால் வந்ததா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார். பிரிஹிதா அடையைத் திருப்பினாள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் இந்த அம்மாள் நம்பிவிடுவார், நன்றி சொல்லிவிட்டு ஊருக்குப் போவார், போன் இங்கேயே இருக்கும். எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று அவ்வளவு தூரம் எழுதியிருந்தாளே. அதையெல்லாம் இந்த நேரத்துக்காகத்தான் எழுதினாளோ என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

"இங்க இவ்வளவுதாம்மா," என்றாள். "கூட்டம் ஓடைக்கு அந்தப் பக்கம் போயிருச்சு. சான் பெர்னாபே. போயி பத்து நாளுக்கு மேல ஆகுது."

ஒத்தீலியா அவளைப் பார்த்தார்.

"இத நேத்தே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லல?"

"அது எங்க ஊர் இல்ல."

அடை கருகியது. அதை எடுத்து நாய்க்குப் போட்டாள்.

மறுநாள் காலை வழியை மட்டும் சொல்லி அனுப்பியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் பிரிஹிதாவும் வண்டியில் ஏறிக்கொண்டாள். கூடப் போகாவிட்டால், சொன்னதை ஒளிந்துகொண்டு சொன்னதாக ஆகிவிடும் என்று தோன்றியது. பாதி உண்மை சொன்னது போதும்.

சான் பெர்னாபே வாசலில் சீட்டுக் கொடுக்கிற ப்ளாசிதாவை அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். சந்தையில் பார்த்தால் இருவரும் தலையைத் திருப்பிக்கொள்வார்கள்.

"அடடே, லா ஹோயாக்காரி நம்ம வாசல்ல சீட்டு வாங்குறாளா," என்றாள் ப்ளாசிதா. "இன்னிக்குச் சூரியன் மேற்கத்தானே உதிச்சுச்சு?"

"உதிச்சா நல்லதுதான். மேகமா இருக்கு பாரு," என்றாள் பிரிஹிதா. "மூணு சீட்டு குடு."

"உங்கண்ணனுக்குத் தெரியுமா?"

"நீதான் சொல்லிருவியே."

ப்ளாசிதா சிரிப்பை அடக்கிக்கொண்டு சீட்டைக் கிழித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, டிசம்பரில் பூச்சியெல்லாம் உங்கள் மேட்டில் இருந்தபோது இன்னும் வந்து சேரவில்லை என்றுதான் நாங்களும் எல்லோரிடமும் சொன்னோம் என்றாள். அதில் வெட்கம் ஒன்றும் தெரியவில்லை.

குதிரையில் போய், இறங்கி, ஒத்தீலியா பிரிஹிதாவின் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தார். கயிறு கட்டிய இடத்தில் நின்றார்கள். ஊசியிலை மரங்களில் இலை தெரியவில்லை. அடிமரத்திலிருந்து நுனிவரை மங்கிய பழுப்பு. மூடிய சிறகுகளின் அடிப்பக்கம். கொத்துகளின் பாரத்தில் கிளைகள் தாழ்ந்து தொங்கின. ஒன்றும் அசையவில்லை. வானம் அடைத்துக்கொண்டு நின்றது.

நொயெமி கொஞ்ச நேரம் படம் எடுத்தாள். பிறகு குளிருக்குக் கையைத் தேய்த்துக்கொண்டு, கைதட்டினால் எழும்பாதா என்று பிரிஹிதாவின் காதில் கேட்டாள். எழும்பும் என்றாள் பிரிஹிதா. குளிரில் எழும்பினால் தரையில் விழும். மறுபடி ஏற முடியாமல் அங்கேயே கிடக்கும். வடக்கே திரும்பிப் போக வைத்திருக்கும் கொழுப்பு அதிலேயே தீர்ந்துபோகும். நொயெமி கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டாள்.

ஒத்தீலியா ஒரு கட்டையில் உட்கார்ந்தார். அந்த ஊர் வழிகாட்டி நேரமாகிறது என்று ஜாடை காட்டினான். பிரிஹிதா இன்னும் கொஞ்சம் என்று ஜாடை காட்டினாள். கூட்டமில்லாத நாள், அவனும் விட்டுவிட்டான். எவ்வளவு நேரம் அப்படி இருந்தார்கள் என்று அவள் கவனிக்கவில்லை. ஒரு தடவை மேகம் விலகி ஒரு மரத்தின் பாதியில் மட்டும் வெயில் விழுந்தது. அந்தப் பாதி திறந்தது. மங்கல் முழுக்க ஆரஞ்சாக மாறியது. சிறகுகள் நடுங்கின, சில நூறு மேலே எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, நிழல் வந்ததும் திரும்ப வந்து ஒட்டிக்கொண்டன. அதோடு சரி.

கீழே இறங்கும்போதும் ஒத்தீலியா அவள் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தார். வண்டியில் ஏறியதும், "மேகம் போட்டா தொங்கும்னு எழுதியிருந்தே. அப்படியேதான் இருந்துச்சு," என்றார். முழங்கால் கட்டைச் சரிசெய்துகொண்டு, "எங்க கொல்லையில ஒண்ணொண்ணாத்தான் போகும்," என்றார்.

நேற்று வெயில் அடித்தது, நேற்றே இங்கே வந்திருந்தால் முழுக் கூட்டமும் பறந்திருக்கும் என்பது பிரிஹிதாவுக்குத் தெரியும். அந்த அம்மாளுக்கும் தெரிந்திருக்கும். இருவரும் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டத்தில் செய்தி அவளுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது. ஒருவர், சொந்த வீட்டுச் சோற்றை அடுத்த வீட்டு நாய்க்குப் போடுகிறாள் என்றார். எலிஹியோ அவளைத் திட்டவுமில்லை, தாங்கிப் பேசவுமில்லை. போனை மேஜையில் வைக்கச் சொன்னார்கள். வைத்தாள். தலைவன் என்ற முறையில் அது எலிஹியோவிடமே போனது.

மாடியில் போர்வைகளை மடித்து அடுக்கினாள். பருவம் முடிய இன்னும் நாளிருந்தது. அறைக்கு யாரும் கேட்கவில்லை. இதுதான் நடக்கும் என்று தெரிந்தேதான் போனாள். தெரிந்து போனதால் கஷ்டம் குறைந்துவிடவில்லை.

ஒரு நாள் மத்தியானம் எலிஹியோ சமையலறை வாசலில் வந்து நின்றான். உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தான். போனை மேஜையில் வைத்து அவள் பக்கம் தள்ளினான். தொலூக்காவிலிருந்து ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியை எழுதியிருந்தாள். வெள்ளிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிவருகிறோம், பூச்சிக் கூட்டம் உங்கள் பக்கத்தில்தான் இருக்கிறதா, நேராகச் சொல்லுங்கள்.

"இதுக்கு என்ன எழுதுறது?" என்றான்.

"போன் உங்கிட்டதானேண்ணே இருக்கு."

"கேக்குறேன்ல புள்ள."

"நம்ம பக்கமும் இருக்குன்னு எழுது. இருக்குதானே."

எலிஹியோ முகத்தைத் தேய்த்துக்கொண்டான். வெளியே சேவல் ஒன்று கூரையேறி இறங்கியது. பிரிஹிதா அவரையைத் தோலுரித்துக்கொண்டே இருந்தாள். அவன் போனை எடுத்தான், ஒரு விரலால் ஏதோ தட்டினான், அழித்தான், மறுபடி தட்டினான். அவள் எட்டிப் பார்க்கவில்லை. முதல் கிண்ணம் நிறைந்து இரண்டாவதை எடுக்கும்போது அவன் தலையைத் தூக்காமலே கேட்டான்:

"அங்க, ஓடைக்கு அந்தப் பக்கம், குதிரை எதுவரைக்கும் போகுது?"