நாலு டிகிரி

செந்தாமரையின் அடுக்களைக்குள் செருப்போடு யாரும் நுழைய முடியாது, அது கலெக்டராகவே இருந்தாலும் சரி. கல்லலில் இரண்டு பசுவை வைத்துக்கொண்டு தயிரும் பன்னீரும் போட ஆரம்பித்து அஞ்சு மாசம் ஆகியிருந்தது. தலைக்குத் துணி கட்டி, முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் பாத்திரத்தைத் தொடுவாள். பாலைத் தொண்ணூறு டிகிரிக்குக் காய்ச்சி, கொஞ்சம் ஆறவிட்டு, எலுமிச்சை உப்புக் கரைசலை ஊற்றித் திரிப்பாள். உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், தயாரித்த தேதி, எத்தனை நாளைக்குள் சாப்பிட வேண்டும், எடை, விலை என்று லேபிளில் ஒன்று விடாமல் இருக்கும்.

முதலில் ஊரார் விலைக்குக் கிலோ முந்நூறு என்று கொடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டாள். பத்து லிட்டர் பசும்பாலில் ஒண்ணே முக்கால் கிலோ கிடைப்பதே பாடு. அப்புறம் கேஸ், கவர், தன் கூலி எல்லாம் சேர்த்து நானூற்றைம்பது ஆக்கினாள். அந்த விலைக்கு வாங்க நேமத்தான்பட்டியில் ஒரே ஒரு பங்களா விடுதிதான் இருந்தது. லாரியிலிருந்து விழுந்து இடுப்பொடிந்த புருஷன் அருள்பாண்டி இனி பாரம் தூக்க முடியாது. அந்த விடுதி ஆர்டர்தான் வீட்டுக்குச் சோறு.

இத்தனை சுத்தமான பொம்பளைக்கு ஒரே ஒரு சோம்பேறித்தனம், பதிவேடு. பிரிட்ஜின் குளிர் எவ்வளவு என்று தினம் மூன்று வேளை பார்த்து எழுத வேண்டும். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமாக்கும்" என்று சிரித்துவிட்டு, மூன்று கட்டத்தையும் காலையிலேயே நிரப்பிவிடுவாள். நாலு, நாலு, நாலு. இருந்த ஒரே தெர்மாமீட்டர் அடுப்பை விட்டு நகராது.

வியாழக்கிழமை சாயங்காலம் விடுதி மேனேஜர் காசிவிஸ்வநாதன் வந்து நின்றார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டார். முகத்தில் ரத்தம் இல்லை.

"நேத்து மத்தியானம் எங்க விடுதியில தங்கி உங்க பன்னீரு சாப்பிட்ட பிள்ளைக நாலு பேருக்கு வாந்தி, பேதி. காரைக்குடியில ஆஸ்பத்திரியில இருக்காக. ஏட்டைக் கொஞ்சம் காமிங்க."

 செந்தாமரை தைரியமாகத்தான் எடுத்துக் கொடுத்தாள்.

அந்தப் பன்னீர் போட்ட செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் அவர் விரலை வைத்தார். "பன்னெண்டு மணிக்கு பிரிட்ஜு நாலு டிகிரின்னு போட்டிருக்கீக. அன்னிக்கு உங்க பக்கம் காலையில ஒன்பதுல இருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் கரண்டே இல்லையே. மாசாந்திரப் பராமரிப்புன்னு எனக்கே மெசேஜ் வந்துச்சு."

"ஐயோ அண்ணே, அன்னிக்கு ஐஸ்ல வச்சிருந்தேன். இவுகதான் முடியாத இடுப்போட வண்டியில போய் ரெண்டு பாளம் கொண்டுவந்தாக. அன்னிக்கு மட்டும் அடுப்படித் தெர்மாமீட்டரைச் சொருகிப் பார்த்தேன், நாலுதான் இருந்துச்சு, பிள்ளை மேல சத்தியமா. கரண்டு வந்த பெறகுதான் பிரிட்ஜுக்கு மாத்தினேன்."

"அதை ஏன் எழுதலை?"

 உள்ளே கட்டிலிலிருந்து அருள்பாண்டி, "ஐஸ் கம்பெனியில கேளுங்க, சொல்வாக" என்று குரல் கொடுத்தான். பணம் கட்டின சீட்டு இருக்கிறதா என்று காசி கேட்டார். ஐஸுக்கு எவன் சீட்டுக் கொடுக்கிறான்?

காசி ஏட்டை முன்னும் பின்னும் புரட்டினார். அஞ்சு மாசமும் ஒரே மை, ஒரே நாலு. பால் காய்ச்சிய சூட்டை அவள் தினமும் நிஜமாகவே அளந்து எழுதியிருந்தாள். அந்த நாலுக்குப் பக்கத்தில் இருந்த பாவத்துக்கு அந்தத் தொண்ணூறும் பொய்யாகத் தெரிந்தது.

"நீங்க சுத்தக்காரவுகதான், எனக்குத் தெரியும்" என்றார் அவர். "ஆனா ஆபீசர் வந்து கேட்டா நான் எதைக் காட்டுறது? நாளையிலிருந்து அனுப்ப வேணாம்."

வண்டிச் சத்தம் தேய்ந்த பிறகு அருள்பாண்டி கேட்டான். "ஏந்தாயி, நம்ம பன்னீருல கொறை இருந்திருக்காதுல்ல?"

"நம்ம பன்னீருலயா? அந்த விடுதிக்காரவுக வெளிய போட்டு வச்சிருப்பாக" என்றாள். அந்த நம்பிக்கை ஒன்றுதான் அவளுக்கு மிச்சம். பிரிட்ஜ் நாலில்தான் இருக்கிறது என்பதை அவன் கண்ணுக்கும் காட்டிவிட வேண்டும் என்று அடுப்படி ஆணியிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து, பிரிட்ஜுக்குள் தண்ணீர் டம்ளரில் போட்டுக் கதவைச் சாத்தினாள். செவ்வாய் ராத்திரி முழுக்க அந்தப் பன்னீர் இதே தட்டில்தான் இருந்தது.

மாடு கறந்து, தொழுவம் கூட்டி, ஒன்றரை மணி நேரம் கழித்து வந்து திறந்தாள். கைக்கு எப்போதும்போல் சில்லென்றுதான் இருந்தது.

பதினொன்று.

துடைத்துவிட்டு மறுபடி போட்டாள். அரைமணி கழித்தும் பதினொன்று. மெஷின் எத்தனை நாளாக இப்படி இளைத்துக் கிடக்கிறது, செவ்வாய்க்கு முன்பா, பின்பா? ஏட்டைப் பார்த்தால் தெரிந்திருக்கும். அதில் நாலுதான் இருந்தது.

"எம்புட்டு இருக்கு?" என்று கேட்டான் அருள்பாண்டி.

ஆஸ்பத்திரியில் கிடக்கும் நாலு பிள்ளைகளும் அவள் கண்ணுக்குள் வந்தார்கள்.  அழுகை வரவில்லை. ஏட்டைத் திறந்து, சாயங்காலக் கட்டத்தில் காலையிலேயே எழுதிவைத்திருந்த நாலை அடித்துவிட்டுப் பதினொன்று என்று எழுதினாள். பேனாவை மூடிவிட்டு அவனிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.