வலது காலா, இடது காலா

அறுவை செய்து வலது முட்டியை மாற்றி ஆறு வாரம் ஆகியும் சாலைக்கடைத் தெருவிலுள்ள சொந்த மளிகைக் கடைக்குள் திரவியம் அண்ணாச்சியால் கால் வைக்க முடியவில்லை. ஓணம் நெருங்குகிறது, கல்லாவில் மகன் பத்மகுமார் உட்கார்ந்து கேட்டவனுக்கெல்லாம் விலையைக் குறைக்கிறான். மனுஷனுக்கு வயிறு எரியாதா?

எல்லாம் மலையாளத்துப் பெண்ணான பிசியோதெரபிஸ்ட் ஆர்யாவின் குறிப்பில் தொங்கிக் கிடந்தது. வலது முட்டி மடக்கம் நூற்றைந்து டிகிரி, இலக்கு நூற்றுப்பத்து. முழுதாக நீட்ட ஐந்து டிகிரி பாக்கி. வாக்கர் போய், இடது கையில் ஊன்றுகோல் வந்தாயிற்று. கடையின் மூன்று படியை ஊன்றுகோலோடு ஏறி இறங்கினால்தான் கல்லா.

"நூத்திப்பத்துன்னே போடும்மா. முட்டி வந்து சாட்சி சொல்லவா போகுது?" என்று அரிசி மூட்டைக்குப் பேசும் அதே வாயால் பேரம் பேசினார்.

"அளவு பொய் பறையாது அங்கிளே. முட்டிக்கடியில தலகாணி வெச்சு உறங்குனா கால் எங்கன நேரே வரும்?"

தலகாணி விஷயத்தைப் போட்டுக் கொடுத்த மனைவி வடிவாம்பாள் ஒன்றும் தெரியாதவள் போல ஜன்னலைப் பார்த்தாள்.

மறுநாள் கடைவாசலில் சோதனை. ஆர்யா பின்னால் நின்று, அவர் இடுப்பில் கட்டிவிட்ட பட்டையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணாச்சி சாமியைக் கும்பிட்டு, கம்பீரமாக வலது காலைத் தூக்கிப் படியில் வைத்தார். முட்டி வெடவெடத்தது. ஆர்யா பட்டையைப் பிடித்து இழுத்திராவிட்டால் பயறு மூட்டைமேல் கவிழ்ந்திருப்பார்.

"ஏறும்போ நல்ல கால், இடது! எறங்கும்போதான் வலது. எத்தர தடவ சொல்லியாச்சு!"

"இடது கால வச்சு கடையேறினா உருப்படுமா? எங்கப்பா காலத்துலேருந்து வலதுதான்."

"செரி." ஆர்யா பேனாவைத் திறந்தாள். "படி: இலக்கு எட்டவில்லை."

அண்ணாச்சிக்கு உயிரே போய்விட்டது. ஓணமும் போச்சு, கடையும் போச்சு.

வடிவாம்பாளுக்குப் பொறுக்கவில்லை. "அந்த வலது முட்டி உங்களதாக்கும்? உள்ள கெடக்கது கம்பெனிக்காரன் இரும்பும் பிளாஸ்டிக்கும்! ஒங்கம்மா பெத்த முட்டி இப்ப இடதுலதான் இருக்கு. ராசி அதுலயா, இரும்புலயா? சொல்லுங்க!"

சுமைதூக்குகிறவர்கள் வரை சிரித்துவிட்டார்கள். அண்ணாச்சி குனிந்து இரண்டு காலையும் மாறி மாறிப் பார்த்தார். பொம்பள சொல்றதுல ஞாயம் இருக்கே என்று உள்ளுக்குள் எரிச்சலாக வந்தது.

இடது கால் ஏறியது. பின்னால் ஊன்றுகோலும் வலது காலும். மூன்று படி. திரும்பி, ஊன்றுகோலையும் வலது காலையும் முதலில் விட்டு இறங்கினார். ஆர்யா எழுதியதை அடித்துவிட்டு 'எட்டியது' என்று போட்டாள். யாரும் சொல்லாமலே அவர் இன்னொரு முறை ஏறினார். பத்மகுமார் எழுந்து வழிவிட்டான்.

கல்லாவில் உட்கார்ந்ததும் அண்ணாச்சிக்குக் கண் நிறைந்துவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டார்.

"அங்கிளே, ஓணத்துக்கு அரிசி வேணும். கொஞ்சம் கொறச்சுத் தருமோ?" என்றாள் ஆர்யா.

"முட்டி மடக்கத்த அஞ்சு ஏத்துவியா?"

"அது பற்றில்ல, நடக்காது."

"அப்ப அரிசியும் பற்றில்ல மோளே" என்றார் அண்ணாச்சி.