கற்பூரமும் மாம்பழ ஜூஸும்

பில் கணக்கில் அந்த ஜோடியைப் பார்த்ததும் கோகிலவாணி மறுபடி ஒருமுறை எண்ணிப் பார்த்தாள். கற்பூரம், சின்ன பாக்கெட் மாம்பழ ஜூஸ். ஒட்டுமா இரண்டும்?

தர்மபுரிப் பக்கம் நாலு கிளை வைத்திருக்கும் சூப்பர் மார்க்கெட்டின் தலைமை அலுவலகத்தில் அவளுக்கு வேலை. ஒரே பில்லில் எதோடு எது சேர்ந்து போகிறதென்று அலசி, எதை எதன் பக்கத்தில் அடுக்கலாம், எதைச் சேர்த்துக் காம்போ போடலாம் என்று சொல்ல வேண்டும். அதியமான்கோட்டைக் கிளையில் பத்து மாதத்தில் முப்பத்தாறாயிரம் பில். கற்பூரம் எழுநூற்றிருபதில், அந்த ஜூஸ் இருநூறில். தற்செயலாகச் சேர்ந்தால் நாலு பில் வரலாம். வந்ததோ நாற்பத்தொன்று.

முதலாளி தீர்த்தகிரிக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு கற்பூரத்தோடு இரண்டு ஜூஸை டேப் போட்டு ஒட்டி, பில் கவுண்டர் முன்னாலேயே அடுக்கச் சொல்லிவிட்டார்.

அது அவள் மகன் மாதேஷ் தினமும் கேட்ட ஜூஸ். ஆறு வயசு. போன வருஷம் அதே அதியமான்கோட்டையில், ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் விட்டு ரோட்டைத் தாண்டும்போது லாரி அடித்துவிட்டது. புருஷன் சந்திரமோகனோ காரியம் முடிந்த மறுநாளே வேலைக்குக் கிளம்பிவிட்டான். பிள்ளை பேரைக்கூட எடுப்பதில்லை. இந்தக் கல்நெஞ்சனோடு இனி வாழ்வதில்லை என்று அவள் பெட்டியைக் கட்டி வைத்திருந்தாள்.

இரண்டையும் சேர்த்து வாங்குகிறவர்களுக்கு மெசேஜ் அனுப்பலாம், நம்பரை எடு என்றார் முதலாளி. ஃபைல் கனக்கிறதென்று, பில் போடும்போது கேட்டு வாங்கும் போன் நம்பரை முதலிலேயே நீக்கியிருந்தாள் அவள். எத்தனை பில் என்று எண்ணினாளே தவிர, எத்தனை ஆள் என்று எண்ணவில்லை, புத்தி கெட்டவள். இப்போது சேர்த்துப் பார்த்தாள். நாற்பத்தொரு பில்லுக்கும் ஒரே நம்பர். அத்தனையும் வெள்ளிக்கிழமை, சாயங்காலம் நாலேகால். மாதேஷ் போன நேரம்.

நம்பர் அவளுடையது.

 தொலைந்துபோனால் சொல்லட்டும் என்று அந்த நம்பரைப் பாட்டாகப் பாடி அவள் சொல்லிக்கொடுத்தது மாதேஷுக்குத்தான். வெயில் கொளுத்துகிற மதியம், அலுவலகத்தில் பத்து பேர் இருந்தும் திரும்பிப் பார்க்கப் பயமாயிருந்தது. பிள்ளை பின்னால் நிற்கிறானோ?

வெள்ளிக்கிழமை அதியமான்கோட்டைக் கிளைக்குப் பஸ் ஏறிப் போனாள். நாலேகாலுக்குக் கவுண்டரில் முதுகைக் காட்டி நின்றது சந்திரமோகன். கையில் டேப் ஒட்டிய காம்போ. அதைப் பிரிக்கப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு வேணாங்க, ஒண்ணு போதும்," என்றான். "குடிக்கறவன் ஒருத்தன்தானுங்க."

காம்போவைப் பிரிக்க முடியாது என்று பில் போடுகிற பெண் தயங்கினாள். பிறகு வழக்கம்போல நம்பர் கேட்டாள்.

சந்திரமோகன் சொன்னான். சொல்லவில்லை, மெல்லப் பாடினான். பிள்ளையின் அதே மெட்டு. ஐந்தாவது எண்ணோடு நின்றுவிட்டான்.

மீதி ஐந்தையும் பின்னாலிருந்து கோகிலவாணி பாடி முடித்தாள்.

"பிரிக்க வேண்டாங்க," என்றாள் அவனிடம். "இன்னிக்கு அந்த ரோட்டோரத்துக்கு நானும் வரேன்."